நான்கு பொசிஷன், ஒரே நாளில் நான்கு ஸ்டாப்

"நாஸ்டாக் ஃபியூச்சர்ஸ் லாங், ஆஸ்திரேலிய டாலர்–யென் லாங், தாமிரம் லாங், எஸ்&பி புட் விற்பனை. ஒவ்வொன்றிலும் கணக்கில் 1% ரிஸ்க். ஓராண்டுத் தரவில் கோரிலேஷன் சராசரி 0.2தான். எப்படி நான்கும் ஒரே நாளில் அடிபட்டன?"

பெயர்தான் நான்கு, பந்தயம் ஒன்று: சந்தை அமைதியாக இருக்கும், யென் கடன் மலிவாகவே கிடைக்கும். அமைதியான நாட்களில் தாமிரம் சரக்கிருப்புச் செய்திக்கும் நாஸ்டாக் நிறுவன முடிவுகளுக்கும் அசையும். உங்கள் 0.2 அந்த நாட்களின் சராசரி. பயம் வந்தால் கடன் வாங்கி வைத்திருப்பவர்கள் மார்ஜினுக்காக எதை விற்க முடியுமோ அதை விற்பார்கள். 2024 ஆகஸ்ட் 5 அன்று யென் எகிறியபோது நிக்கேய் ஒரே நாளில் 12.4% விழுந்தது, அமெரிக்க ஆப்ஷன் விலைகளும் உடனே துள்ளின.

கணக்கைப் பாருங்கள். நான்கு சமமான 1% ரிஸ்க்குகளின் கூட்டு √(4 + 12 × கோரிலேஷன்). 0.2 என்றால் சுமார் 2.5%, 0.9 என்றால் 3.8%. புட் விற்பனையை இதில் சேர்ப்பதே கொஞ்சம் ஏமாற்று வேலை. அதன் நஷ்டம் விலை இறங்க இறங்க வேகமெடுக்கும், ஸ்டாப்பும் சொன்ன விலையில் நிறைவேறாது.

அதனால் கோரிலேஷன் அட்டவணையை விடுங்கள். அந்த ஆகஸ்ட் நாளில் நான்கும் நகர்ந்த அளவை இன்றைய உங்கள் அளவுகளில் போட்டுப் பாருங்கள். புட்டுக்கு ஏறிய வாலட்டிலிட்டியோடு புதிதாக விலை கணக்கிடுங்கள். வரும் மொத்த நஷ்டத்தைத் தாங்க முடியாவிட்டால், முதலில் புட்டைக் குறையுங்கள்.