உன் அம்மாவுக்கு இரண்டே வரிதானா?

கேள்வி: ஐயா, நான் சென்னையில் விஷுவல் கம்யூனிகேஷன் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இறுதியாண்டுக் குறும்படத்தில் ஐந்து நிமிட நீதிமன்றக் காட்சி வருகிறது. வியாசர்பாடியில் நடந்த ஒரு கொலை வழக்கு. கொலை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட எதிரியின் வக்கீல்தான் ஹீரோ, அவருக்கு நான்கு நிமிட வசனம் எழுதியிருக்கிறேன். நடுவில் எதிரியின் அம்மா கூண்டேறி, போலீசில் சொன்னதை மாற்றிச் சொல்வார். அது சின்ன இடம், இரண்டு வரிதான். என் அம்மாவே நடித்துத் தருகிறேன் என்றார்கள். சட்ட வார்த்தைகள் அதிகம் இல்லாமல், நம்பும்படி டென்ஷனோடு எழுதுவது எப்படி?

பதில்: தம்பி, பெற்ற மகனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒரு தாயைச் சம்மன் அனுப்பி வரவழைத்திருக்கிறாய். அவள் பொய் சொல்லப்போகிறாள். அதைச் 'சின்ன இடம்' என்கிறாய். போதாததற்கு, அந்த இரண்டு வரியைச் சொல்ல உன் சொந்த அம்மாவை நிறுத்துகிறாய். அவர்களிடம் ஒரு தடவையாவது கேட்டாயா, "அம்மா, நானே அந்தக் கூண்டில் நின்றால் நீ என்ன சொல்வாய்?" என்று? கேட்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. உன் படத்தின் நீதிமன்றக் காட்சி முழுக்க அந்த அம்மாதான். வக்கீலின் நான்கு நிமிடத்தை வெட்டு.

நான் சொல்வதால் மட்டும் இல்லை, நடைமுறையும் அப்படித்தான். அந்த அம்மா அரசுத் தரப்பு சாட்சி. அவரை முதலில் விசாரிப்பவர் அரசு வழக்கறிஞர். தன் சாட்சியிடம் விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்க அவருக்கு உரிமை இல்லை. "உங்கள் மகன் ரத்தக்கறைச் சட்டையோடு வந்தானா?" என்று கேட்டால் எதிர்த்தரப்பு எழுந்து ஆட்சேபிக்கும். ஆகவே அவர் சுற்றிச் சுற்றித்தான் வர முடியும். டென்ஷன் அங்கேதான் இருக்கிறது. அவருக்கு விடை தெரியும், அம்மாவுக்கும் தெரியும், ஆனால் அவர் வாயால் அதைச் சொல்ல முடியாது. இப்படி எழுதிப் பார்:

"அன்னிக்கு ராத்திரி வீட்ல யாரு இருந்தீங்க?"

"நானும் சின்னப் பொண்ணும்."

"மகன் எப்ப வந்தாரு?"

"பத்து, பத்தரை இருக்கும்."

"வந்து என்ன செஞ்சாரு?"

"குளிச்சான்."

"சட்டை?"

"நான் பார்க்கல."

இங்கே அரசு வழக்கறிஞர் கத்தக் கூடாது. நீதிபதி பக்கம் திரும்பி, சாட்சி பிறழ்ந்துவிட்டார், குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும் என்று கேட்கிறார். பிறழ்சாட்சி என்ற சொல்லைத் தினமும் பேப்பரில் படிக்கிறோம், விளக்கம் தேவையில்லை. அனுமதி கிடைத்ததும் அவர் குரல் மாறும், ஏனென்றால் இனி நேராகக் கேட்கலாம். "போலீஸ் விசாரிச்சப்ப, மகன் குழாயடியில ரத்தச் சட்டையை அலசினான்னு சொன்னீங்களே?" "நான் அப்படிச் சொல்லல."

அம்மா கைநாட்டு வைத்த காகிதத்தை அவர் உயர்த்திக் காட்டுவதாக எழுதியிருந்தால் அதைக் கிழித்துப் போடு. போலீஸ் விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்தே வாங்கக் கூடாது. அதனால்தான் "சொல்லவில்லை" என்று ஒரு அம்மாவால் சொல்ல முடிகிறது. உண்மையில் என்ன சொன்னார் என்று பிறகு விசாரணை அதிகாரி கூண்டேறும்போது அவரிடம்தான் கேட்பார்கள். கையெழுத்தோடு வேண்டுமென்றால் அது நீதித்துறை நடுவர் முன்னால் கொடுத்த வாக்குமூலமாக இருக்க வேண்டும். உன் கதைக்கு அது வேண்டாம்.

அடுத்தது, பெரும்பாலான படங்கள் தவறவிடுகிற விஷயம். நம் விசாரணை நீதிமன்றங்களில் பெரும்பாலும் கேள்வியை எழுதுவதில்லை. பதிலை மட்டும், சாட்சியே பேசுவதுபோல நீதிபதி வாக்கியமாக்கிச் சொல்ல, அது டைப் ஆகும். "மகனைக் காப்பாத்தப் பொய் சொல்றீங்க" என்கிறார் அரசு வழக்கறிஞர். "இல்லைய்யா" என்கிறார் அம்மா. டைப்பாவது: "நான் என் மகனைக் காப்பாற்றப் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல." அந்த வாக்கியத்தை நீதிபதி எந்த உணர்ச்சியும் இல்லாமல் சொல்லட்டும். கீபோர்டு சத்தம் நிற்கும்வரை யாரும் பேச வேண்டாம். கடைசியில் எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். தான் சொன்ன பொய்யை அடுத்தவர் குரலில் கேட்டு, அதன் அடியில் கையெழுத்துப் போடும் அந்த இடம் முப்பது விநாடியாவது ஓட வேண்டும்.

இப்போது உன் ஹீரோ. நீதிபதி அவரைப் பார்க்கிறார். அவர் பாதி எழுந்து, "குறுக்கு விசாரணை இல்லை" என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறார். தன் கட்சிக்காரனுக்குச் சாதகமாகப் பிறழ்ந்த சாட்சியிடம் கேள்வி கேட்டு எந்த வக்கீலும் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டார். அவர் வசனம் மொத்தமே அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பொய் மகனை மீட்டுவிட்டதாக முடிக்காதே. பிறழ்ந்த சாட்சி சொன்ன அத்தனையும் குப்பைக்குப் போவதில்லை. நம்பத்தகுந்த பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். "பத்தரைக்கு வந்தான், வந்ததும் குளிச்சான்" என்று அம்மா சாதாரணமாகச் சொன்னது பதிவில் அப்படியே நிற்கிறது. தன்னை அறியாமல் பாதியைக் கொடுத்துவிட்டாள். வக்கீலுக்கு அது புரிகிறது என்பதை அவர் பேனா நிற்பதில் காட்டலாம்.

இன்னொரு ஆள் உன் காட்சியில் இல்லவே இல்லை. செத்தவனின் தாய் எங்கே? அவளைத்தான் முதல் சாட்சியாக்கியிருக்க வேண்டும். சாட்சி சொல்லும்வரை வெளியே காத்திருக்க வேண்டியவள், சொல்லி முடித்துவிட்டதால் இப்போது பின் பெஞ்சில் உட்காரலாம். மகனைக் காப்பாற்றுவது தாயின் கடமை என்று நம் ஊரில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நான் அதை ஏற்பதில்லை. இன்னொரு வீட்டுப் பிள்ளையைக் கொன்றவனுக்காகப் பொய் சொல்கிறவள், மகனுக்கும் நல்லது செய்யவில்லை, அந்த வீட்டுக்கும் துரோகம் செய்கிறாள். நீ இதை ஒப்புக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த இரண்டு பெண்களையும் ஒரே அறையில் வைக்காமல் இந்தக் கதையைச் சொல்ல உனக்கு உரிமை இல்லை.

மற்றவை சுருக்கமாக. கீதையின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்வது சினிமா. வாயால் உறுதிமொழி சொன்னால் போதும். நீதிபதி மேசையில் சுத்தியல் கிடையாது. "மை லார்ட்" உயர் நீதிமன்றத்துக்கு. கொலை வழக்கு நடக்கும் செஷன்ஸ் நீதிமன்றத்தில் "யுவர் ஹானர்" அல்லது "ஐயா". வசனத்தில் பிரிவு எண் வைக்காதே. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்களில் எண்களெல்லாம் மாறிவிட்டன, சம்பவத் தேதியைப் பொறுத்து எது பொருந்தும் என்று உனக்குக் குழப்பம்தான் மிஞ்சும். "கொலை வழக்கு" என்றால் எல்லோருக்கும் புரியும். உயர் நீதிமன்ற வளாகத்திலேயே செஷன்ஸ் நீதிமன்றங்கள் இருக்கின்றன. பொதுவாக விசாரணையை யாரும் உட்கார்ந்து பார்க்கலாம். அடையாள அட்டை எடுத்துக்கொண்டு, போனை அணைத்துவிட்டு, ஒருநாள் காலையிலிருந்து பின் வரிசையில் இரு. அம்மாவையும் கூட்டிப் போ.

அப்புறம், அந்த நான்கு நிமிட வசனத்தை விட மனசில்லை என்று மறுபடியும் எழுதுவாய். சாட்சி விசாரணை நடக்கும் நாளில் வக்கீல் உரை நிகழ்த்த முடியாது. சாட்சிகள் எல்லாம் முடிந்து, எதிரியிடம் நீதிபதி கேள்வி கேட்டு முடித்த பிறகு, வேறொரு நாளில்தான் வாதம் வரும். உன் ஐந்து நிமிடத்தில் அந்த நாள் இல்லை.