ஓய்வுபெற்றவருக்கு எஃப்டி: மாத வட்டியா, முதிர்வில் மொத்தமாகவா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. பென்ஷன் மாதம் 22,000, வீட்டுச் செலவு 38,000. கையில் 40 லட்சம் இருக்கிறது. வங்கியில் 7 சதவீதத்துக்கு 5 வருட எஃப்டி போடப் போகிறோம். மாதா மாதம் வட்டி வாங்குவதா, கியூமுலேட்டிவ் போடுவதா? எதில் வரி குறைவு?

பதில்:

இரண்டிலும் போடுங்கள். எதில் எவ்வளவு என்பதை அப்பாவின் மாதச் செலவே சொல்லிவிடும்.

பென்ஷன் போக மாதம் 16,000 வேண்டும். 7 சதவீத மாத வட்டித் திட்டத்தில் 10 லட்சத்துக்கு மாதம் சுமார் 5,800 வரும். நேர்க்கணக்கில் 5,833 வர வேண்டுமே என்று பலர் கவுண்டரில் சண்டை போடுவார்கள். வங்கி வட்டியைக் கணக்கிடுவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதை முன்கூட்டியே மாதா மாதம் கேட்பதால் கொஞ்சம் கழித்துக் கொடுக்கிறார்கள். 10 லட்சத்துக்கு ஒரு காலாண்டில் 100 ரூபாய்தான் வித்தியாசம். அதற்காக மாத வட்டியை விட வேண்டாம். ஆக, 28 லட்சத்தை மாத வட்டியில் போட்டால் 16,240 வருகிறது. தேவை முடிந்தது.

மீதி 12 லட்சத்தைக் கியூமுலேட்டிவில் போடுங்கள். 5 வருடத்தில் சுமார் 16.98 லட்சம் ஆகும். இதையும் மாத வட்டியிலேயே போட்டிருந்தால் மாதம் 6,960 கூடுதலாக வந்து சேமிப்புக் கணக்கில் தூங்கும். அங்கே 2.5 சதவீதம் என்று வைத்தால்கூட 5 வருட முடிவில் 50,000 ரூபாய்க்கு மேல் குறைகிறது. அதுவும் அந்தப் பணத்தைத் தொடாமல் இருந்தால்தான். கணக்கில் கிடக்கும் பணம் செலவாகாமல் இருப்பது அரிது.

இந்த 12 லட்சம் எதற்கு என்றால், பின்னால் வரும் விலைவாசிக்கு. வருடம் 6 சதவீதம் ஏறினால் இன்றைய 38,000 செலவு 5 வருடத்தில் 50,000-ஐத் தாண்டும். அப்போது 28 லட்சமும் 16.98 லட்சமும் சேர்ந்து, அதே வட்டி கிடைத்தால், மாதம் 26,000 தரும். அப்படியும் கொஞ்சம் பற்றாது, ஆனால் இன்று 40 லட்சத்துக்கும் மாத வட்டி வாங்கிச் செலவழித்துப் பழகுவதைவிட நல்ல நிலை.

கியூமுலேட்டிவுக்கு ‘8.3 சதவீதம் கிடைக்கும்’ என்று சொன்னால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மொத்த வட்டியை 5-ஆல் வகுத்துச் சொல்கிற எண் அது. வட்டி விகிதம் அதே 7 தான்.

வரிக்கு வருவோம். முதிர்வில்தானே பணம் வருகிறது, அப்போது வரி கட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால் கியூமுலேட்டிவில் சேர்ந்துகொண்டே போகும் வட்டியையும் வங்கி ஒவ்வொரு வருடமும் வருமானமாகக் காட்டி டிடிஎஸ் பிடிக்கும். நீங்களும் அந்தந்த வருடமே ரிட்டர்னில் காட்டிவிடுவதுதான் நல்லது. ஐந்து வருட வட்டியை ஒரே வருடத்தில் காட்டினால் அந்த வருட வருமானம் எகிறும், ஏற்கெனவே பிடித்த டிடிஎஸ்ஸோடும் பொருந்தாது.

2025-26 நிதியாண்டு விதிப்படி அப்பாவின் கணக்கு இது: பென்ஷன் 2,64,000, அதில் நிலையான கழிவு 75,000 போகிறது. மாத வட்டி 1,94,880, கியூமுலேட்டிவ் வட்டி முதல் வருடம் சுமார் 86,000. வரிக்குரிய வருமானம் ஏறத்தாழ 4.7 லட்சம். புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி இல்லை. எனவே அப்பாவுக்கு எந்தத் திட்டம் போட்டாலும் வரியில் வித்தியாசமே கிடையாது.

ஆனால் அதே 2025-26 விதிப்படி மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் வருட வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் உண்டு. இங்கே சுமார் 28,000 போகும். ஏப்ரலிலேயே 15H படிவம் கொடுத்துவிட்டால் பிடிக்க மாட்டார்கள். ஒவ்வொரு வருடமும், ஒவ்வொரு வங்கியிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். மறந்தால் கியூமுலேட்டிவில் அந்தத் தொகை வட்டியிலிருந்தே போய், ரசீதில் அச்சிட்ட முதிர்வுத் தொகை கிடைக்காது. ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வாங்கலாம், ஆனால் அது சேமிப்புக் கணக்குக்குத்தான் வரும், டெபாசிட்டுக்குத் திரும்பாது.

அப்புறம், 12 லட்சத்தை ஒரே ரசீதாகப் போடாமல் 3 லட்சமாக நான்கு போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம். மாத வட்டி எஃப்டியை உடைப்பதுதான் மனசு கஷ்டப்படுத்தும். உதாரணமாக, ஒரு வருடத்தில் உடைக்கிறீர்கள், அந்தக் காலத்துக்கு 6.5 சதவீதம், அபராதம் 1 சதவீதம் என்றால் உங்களுக்கு உரியது 5.5 தான். 7 சதவீதக் கணக்கில் ஏற்கெனவே வாங்கிவிட்டதால், 10 லட்சத்துக்குச் சுமார் 15,000 ரூபாயை அசலிலிருந்து கழித்துக்கொண்டுதான் திருப்பித் தருவார்கள்.