ஒளிப்பட்டியைச் சொருகுமுன்: அந்த இடம் 5 வோல்றா, 12 வோல்றா?

பதில் தருபவர் வவுனியாவில் கணினி திருத்தும் தொழில் செய்பவர்.

கிளிநொச்சியிலிருந்து: அண்ணா, பாவித்த மதர்போட் ஒன்று வாங்கினேன். விளக்கு வயர் போடும் இடத்தில் மூன்று பின்கள்தான் இருந்தன. என் விசிறிகளின் மூன்று துளை வயர் நன்றாகப் பொருந்தியது. கணினியைப் போட்டவுடன் விளக்குகள் ஒருமுறை மின்னி அணைந்துவிட்டன. விசிறிகள் சுற்றுகின்றன. என்ன பிழை விட்டேன்?

தம்பி, அந்த இடத்தில் முதலில் நான்கு பின்கள் இருந்து, பழைய சொந்தக்காரர் ஒன்றை முறித்திருக்கலாம் என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாக நிறம் மாற்றக்கூடிய ஏஆர்ஜிபி வகையில் வரிசை இப்படி அமையும்: 5 வோல்ற், தரவு, வெற்றிடம், கிரவுண்ட். பட்டி முழுவதும் ஒரே நிறம் காட்டும் சாதாரண ஆர்ஜிபி வகையில் முதல் பின் 12 வோல்ற். மற்ற மூன்றும் பச்சை, சிவப்பு, நீலம். வெற்றிடத்துக்கு நேரே உள்ள சிவப்புப் பின் இல்லாமற்போனால் உங்கள் வயர் தடையின்றி உள்ளே போகும். அப்போது 5 வோல்ற்றுக்கான வயரில் 12 வோல்ற் ஏறும். கிரவுண்ட் வயர் நீலப் பின்னில் அமர்ந்திருப்பதால், நீலம் எரியும் கணத்தில் அந்த 12 வோல்ற் முழுவதும் விளக்குகளுக்குள் இருக்கும் சிறு சில்லுகளின் ஊடாகப் பாயும். மோட்டாருக்குத் தனி வயர் என்பதால் விசிறி சுற்றுவது நின்றிருக்காது.

மூன்றாவது இடத்தில் ரோர்ச் அடித்துப் பாருங்கள். முறித்த பின்னின் அடி உலோகமாகப் பளபளக்கும். பக்கத்தில் அச்சிட்ட பெயரையும் வாசித்துச் சொல்லுங்கள்.

முல்லைத்தீவிலிருந்து: மூன்று பின் என்றால் 5, நான்கு பின் என்றால் 12. இதற்கு ஏன் இவ்வளவு விளக்கம்?

பெரும்பாலும் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் மேலே உள்ள தம்பியும் அப்படி எண்ணித்தான் போட்டார். எண்ணிக்கையை விட, போட்டில் அச்சிட்ட பெயரையே நான் நம்புவேன். எம்எஸ்ஐ போட்டில் `JRAINBOW1` என்பது 5 வோல்ற், `JRGB1` என்பது 12 வோல்ற். ஜிகாபைட்டின் சில பழைய போட்டுகளில் ஏஆர்ஜிபி இடத்துக்கு அருகில் 5, 12 என்று மாற்றிவைக்கும் ஜம்பர் ஒன்று உண்டு. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பின்களை எண்ணி அறிய முடியாது. விசிறியின் மோட்டார் வயருக்கான இடத்திலும் நான்கு பின்கள் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அதில் ஒரு பக்கம் பிளாஸ்டிக் சுவர் நிற்பதால் இனங்காணலாம்.

மாங்குளத்திலிருந்து: என் விசிறியின் நடுவில் 12 வோல்ற் என்று ஒட்டியிருக்கிறது. அப்படியென்றால் விளக்கையும் 12 வோல்ற் இடத்தில்தானே போட வேண்டும்?

இல்லை. அது பெரும்பாலும் மோட்டாருக்கான அளவு. இந்த ஒரு ஸ்டிக்கரை நம்பி விளக்கை எரித்தவர்கள் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். விளக்கு வயரின் முனையைத் தனியாகப் பாருங்கள். மூன்றாவது துளை அடைத்திருந்தால் அது 5 வோல்ற் வகை.

புதுக்குடியிருப்பிலிருந்து: ஐயா, என்னிடம் மல்ரிமீற்றர் இருக்கிறது. அளந்து பார்க்கலாமா?

பார்க்கலாம் பிள்ளை. ஆனால் கூர்முனையைப் பின்களுக்கு நடுவே நேரே விடாதீர்கள். வழுக்கி 12 வோல்ற்றையும் பக்கத்து நிறப் பின்னையும் தொட்டுவிட்டால் போட்டின் விளக்குப் பகுதி போய்விடும். கணினி அணைந்திருக்கும்போது நீட்டிப்பு வயர் ஒன்றைச் சொருகி, பிறகு கணினியைப் போட்டு அதன் மறுமுனையில் அளந்து பாருங்கள். கறுப்பு முனை கேசின் பூச்சில்லாத உலோகத்தில், சிவப்பு முனை அம்புக்குறி காட்டும் முதல் பின்னின் வயரில். 12 என்றோ 5 என்றோ காட்டினால் விடயம் முடிந்தது. 0 காட்டினால் எந்த முடிவுக்கும் வராதீர்கள். விளக்கை அமைப்பில் அணைத்துவைத்தால் சில போட்டுகள் மின்சாரத்தையே நிறுத்திவிடும்.

நெடுங்கேணியிலிருந்து: என் விசிறி வயரில் ஆறு துளைகள் இருக்கின்றன. எங்கே போடுவது?

மதர்போட்டில் எங்கும் வேண்டாம். விசிறியோடு வந்த கட்டுப்பாட்டுப் பெட்டியில்தான் போட வேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து, மீண்டும்: அண்ணா, அடி உலோகம் தெரிகிறது. பெயர் `JRGB1`. நண்பரின் கணினியில் 5 வோல்ற் இடத்தில் போட்டுப் பார்த்தேன். மூன்று விசிறிகளில் ஒன்று மட்டும், அதுவும் பாதி வட்டம்தான் எரிகிறது.

அப்படியானால் முறித்த இடம்தான் காரணம். தரவு ஒரு விளக்கிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிப் போவதால், இடையில் ஒரு சில்லு செத்தாலும் அதற்குப் பின்னால் உள்ளவை இருட்டாகவே இருக்கும். ஆகவே எரியாத மறுபாதி முழுவதும் கருகியதா, தரவு கிடைக்காமல் காத்திருக்கிறதா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. மூன்றையும் சங்கிலியாகக் கோர்த்துச் சோதித்திருந்தால், ஒவ்வொன்றாகக் கழற்றித் தனித்தனியே போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.