கியர் சுத்தல, ஷாஃப்ட் முறியுது

"3டி பிரிண்டர்ல ரெண்டு கியர் அடிச்சேன். மாட்யூல் 1, 20 பல்லும் 40 பல்லும். மைய தூரம் 30 மி.மீ. வச்சேன், சுத்தவே மாட்டேங்குது. நிக்க வச்சு அடிச்ச ஷாஃப்டும் முறிஞ்சுடுச்சு. காட்பாடியிலேர்ந்து."

கணக்கு சரிதாங்க, ஆனா பல்லுக்கு நடுவுல இடமே விடல. 30.2 வைங்க, சுமார் 0.15 மி.மீ. ஆட்டம் கிடைக்கும். அதுக்கு முன்னாடி கியரைத் திருப்பிப் பாருங்க. பிரிண்டர் பெட்டைத் தொட்ட பக்கத்துல மட்டும் பல் ஓரம் தேய்ஞ்சு பளபளன்னு இருந்தா, முதல் அடுக்கு பிதுங்கியிருக்கு. அந்த ஓரத்தை டிசைன்லயே 0.4 மி.மீ. சரிச்சு வெட்டிடுங்க.

கியர் படுத்தே இருக்கட்டும். ஷாஃப்டையும் அடிப்பக்கம் கொஞ்சம் தட்டையாக்கி, படுக்க வச்சே அடிங்க. நிக்க வச்சா அடுக்கு ஒட்டின இடத்துலதான் ஒடியும்.

பி.எல்.ஏ. பிளாஸ்டிக்ல அடிச்ச கியர்பாக்ஸை மே மாசம் கார்ல விட்டுட்டுப் போனேன். வேலூர் வெயில் தெரியுமே, பல்லெல்லாம் கோணிப்போச்சு. இப்ப பி.இ.டி.ஜி.தான்.