கீழ் வேட்டைப்பல் கடிதம்: எந்தப் பல், எங்கே கிடக்கிறது

கேள்வி: முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பிரதேச வைத்தியசாலையில் பல் வைத்தியராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். 13 வயதுப் பிள்ளை ஒன்றுக்கு இடது கீழ் வேட்டைப்பல் எலும்புக்குள் படுத்துக் கிடக்கிறது; பல்லின் முடி நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது, அந்த இடத்துப் பாற்பல் இன்னும் விழவில்லை. “33 புதைந்துள்ளது, ஆவன செய்யவும்” என்று எழுதி அனுப்பினேன். சத்திரசிகிச்சை நிபுணர் திருப்பி அனுப்பிவிட்டார். வேறு என்னதான் எழுதுவது?

பதில்:

33 என்பது பல்லின் பெயர். அது கிடக்கிற இடம் வேறாக இருக்கலாம். மேல் வேட்டைப்பல்லைவிடக் கீழ் வேட்டைப்பல் புதைவது மிகக் குறைவு. ஆனால் புதைந்தால் அது படுத்தபடியே நாடி எலும்புக்குள் நகர்ந்து, நடுக்கோட்டைத் தாண்டி மற்றப் பக்கம் போய்விடக்கூடும். அப்படிப் போன பல்லுக்கும் உணர்வு நரம்பு பிறந்த பக்கத்திலிருந்தே வருகிறது. இடது பல் வலது பக்கம் கிடக்கிறது என்று தெரியாமல் வலப்பக்கம் மட்டும் விறைக்கப் பண்ணினால், பல்லைத் தொட்டதும் பிள்ளை துடிக்கும். ஆகவே “33; அதன் முடி 41இன் வேர் நுனிக்குக் கீழே, கிடையாக” என்று பெயரையும் இடத்தையும் சேர்த்தே எழுதுங்கள். அது 33தான் என்பதற்குக் காரணத்தையும் காட்டுங்கள்: 43 தன் இடத்தில் முளைத்திருக்கிறது, இடப்பக்கம் 73 பாற்பல் இன்னும் விழவில்லை, அதன் கீழே வேறு பல் இல்லை.

அடுத்தது படம். ஓபிஜி ஒன்று மட்டும் போதாது. முன்பற்களின் பகுதி அதில் முதுகெலும்பின் நிழல் விழுந்து மங்கும். பல் உதட்டுப் பக்கமா நாக்குப் பக்கமா என்பதையும் அது காட்டாது. எந்தப் பக்கம் கீறித் திறப்பது என்பதே அதைப் பொறுத்தது. கீழ்த்தாடை ஒக்லூசல் படம் ஒன்று எடுங்கள்: பிள்ளை படத்தைக் கடித்துக்கொண்டிருக்க, கதிர் நாடிக்குக் கீழிருந்து செங்குத்தாக மேலே போக வேண்டும். விரலால் தடவியதையும் ஒரு வரி எழுதுங்கள்: “32, 31க்கு முன்னே, உதட்டுப் பக்கம் கடினமான புடைப்பு.” முப்பரிமாண ஸ்கேன் இல்லாமல் அனுப்புவதா என்று சிலர் கேட்பார்கள். அது தேவையா என்பதைக் கத்தி பிடிப்பவர் தீர்மானிக்கட்டும். எங்கள் வேலை இந்த இரண்டு படங்களையும் சரியாகக் கொடுப்பது.

படத்தை யன்னலில் பிடித்துப் போனில் எடுத்து அனுப்பும் பழக்கத்தை விடுங்கள். பிலிம் மறுபுறமாகத் திரும்பினால் இடம் வலம் மாறிவிடும். பக்கம் காட்டும் எழுத்து படத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். பிலிமை மடிக்காமல் தனி உறையில் போடுங்கள். ஸ்டேப்ளர் ஊசி நாடிப் பகுதியைத் துளைத்து வந்த பிலிமில் எதைப் பார்ப்பது?

கேள்வியைத் தெளிவாகக் கேட்கவும் வேண்டும். “ஆவன செய்யவும்” என்றால் என்ன செய்வது? பல்லை வெளிப்படுத்திக் கொக்கி ஒட்டி இழுப்பதா, எடுப்பதா, படம் எடுத்துக் கண்காணிப்பதா? இந்தப் பிள்ளையில் முடி நடுக்கோட்டைத் தாண்டிவிட்டதால் இழுத்துக் கொண்டுவருவது மிகக் கடினம். அதையும் எழுதி, பல் சீரமைப்பு நிபுணருக்கும் ஒரு பிரதி வையுங்கள். இழுக்க ஆளில்லாமல் பல்லைத் திறந்து வைப்பதால் பயனில்லை. முடியைச் சுற்றிய கருமை 3 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருந்தால் நீர்க்கட்டிச் சந்தேகம் என்றும், பல்லின் வழியை மறித்து ஓடொன்டோம் எனும் சிறு கட்டி தெரிந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.

73ஐ நீங்கள் பிடுங்க வேண்டாம். இது பலர் விடும் பிழை. பல் வராது என்று முடிவானால் அந்தப் பாற்பல்லே இன்னும் பல வருடம் இடத்தைக் காக்கக்கூடும். அது ஆடுகிறதா, வேர் எவ்வளவு மிச்சம் என்று மட்டும் எழுதுங்கள். நான்கு கீழ் முன்பற்களும் குளிருக்கு உணர்வு காட்டுகின்றனவா என்று பார்த்து அதையும் பதியுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒரு பல் உணர்விழந்தால், முன்பு எப்படி இருந்தது என்று சொல்ல அந்த ஒரு வரிதான் இருக்கும்.

பிள்ளையின் நிறை, பென்சிலின் ஒவ்வாமை, இருதய வால்வு நோய், இரத்தம் நிற்காத வழக்கம் ஆகியவற்றை, இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். வெறுமையாக விட்டால் கேட்கவில்லை என்றுதான் பொருள்.

கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் கடிதத்தில் ஒரு விதமாகவும், கிளினிக் புத்தகத்தில் வேறு விதமாகவும் எழுதுகிறோம். தாய் ஒரு நாள் கூலியை விட்டு, விடிய முதல் பஸ்ஸில் ஏறி வந்து நிற்கும்போது “இந்தப் பெயரில் பதிவில்லை” என்பார்கள். பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்தைப் பார்த்தே எழுதுங்கள், கீழே தாயின் தொலைபேசி எண்ணையும் போடுங்கள்.