தேதியைப் பாருங்கள், பிறகு தொகையை

அன்புள்ள சார்,

சோழிங்கநல்லூரில் ஒரு ஐ.டி. சர்வீஸ் கம்பெனியில் ஏழு வருடமாக இருக்கிறேன். இப்போது கையில் இரண்டு ஆஃபர். ஒன்று பங்குச்சந்தையில் உள்ள பெரிய கம்பெனி. சில மாதம் முன்பு ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பியதாகச் செய்தி வந்தது. இன்னொன்று பெங்களூர் ஸ்டார்ட்அப், சம்பளம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. அதைப் பற்றித் தேடினால் லே-ஆஃப் செய்தி ஒன்றுகூட இல்லை, முதலீடு திரட்டிய செய்திதான் வருகிறது. பெரிய கம்பெனி வேண்டாம், அங்கேதான் ஆளைத் தூக்குகிறார்களே என்கிறார் அப்பா. நான் காமர்ஸ் படித்தவன் இல்லை. வெளியிலிருந்து ஒரு கம்பெனியின் நிலையை எப்படிப் பார்ப்பது? நோட்டீஸ் பீரியட் 90 நாள், வீட்டுக் கடனும் ஓடுகிறது.

பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பா படித்த செய்தி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கம்பெனி நாளை இருக்குமா என்பதற்கு அதில் பதில் கிடையாது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000 பேருக்கு மேல், அனுப்பப்போவதாக அறிவித்தது. அதே மாதம் அது வெளியிட்ட காலாண்டு லாபம் 12,760 கோடி ரூபாய். சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாமல் எடுத்த முடிவல்ல அது. யாரை வைத்துக்கொள்வது என்று எடுத்த முடிவு. இப்படிப்பட்ட இடத்தில் கம்பெனி கவிழுமா என்று கேட்டுப் பயனில்லை. உங்களை எந்த ப்ராஜெக்டுக்கு எடுக்கிறார்கள், அதற்கு க்ளையன்ட் கையெழுத்துப் போட்டாயிற்றா, ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் எத்தனை நாள் விடுவார்கள் என்று கேட்க வேண்டும். (டி.சி.எஸ்.ஸில் அந்த வரம்பு வருடத்துக்கு 35 நாள் என்று அந்த ஆண்டு கொண்டுவந்தார்கள்.) பெரிய கம்பெனியைப் பற்றி இவ்வளவு போதும். என் கவலை எல்லாம் உங்கள் பெங்களூர் ஆஃபர் மேல்தான்.

ஆடிட் ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேலன்ஸ் ஷீட்டில் தொகையைப் பார்க்கும் முன் அது எந்தத் தேதியில் வந்தது என்று பார்ப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நஷ்டம் காட்டும் ஸ்டார்ட்அப் ஊரில் ஆயிரம் உண்டு, பல நன்றாகவே ஓடுகின்றன. கணக்கையே காட்டாமல் தள்ளிப்போடும் கம்பெனி வேறு வகை.

பைஜூஸ் கதையை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். 2022 மார்ச்சில் உங்களுக்கு அங்கே ஆஃபர் வந்திருந்தால் கூகுளில் என்ன கண்டிருப்பீர்கள்? கம்பெனி மதிப்பு 2,200 கோடி டாலர், புதிதாக 80 கோடி டாலர் முதலீடு, கத்தார் உலகக் கோப்பைக்கு ஸ்பான்சர். பெரிய ஆட்குறைப்புச் செய்தி ஏதும் இல்லை. ஆனால் அரசின் பதிவேட்டில் அதே மார்ச்சில் ஒரு ஓட்டை இருந்தது. 2021 மார்ச்சோடு முடிந்த ஆண்டின் கணக்கு இன்னும் வரவில்லை. கொரோனாவுக்காக எல்லாக் கம்பெனிகளுக்கும் அரசு கொடுத்த கூடுதல் அவகாசமும் அந்த மாதம் 15ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கணக்கு வந்தது செப்டம்பரில்தான். நஷ்டம் 4,588 கோடி ரூபாய், வருமானம் 2,428 கோடி. அடுத்த மாதம், அக்டோபரில், 2,500 பேரை அனுப்புவதாக அறிவித்தார்கள். 2023 ஜூனில் ஆடிட்டர் டெலாய்ட் விலகியது. 2022 மார்ச்சோடு முடிந்த ஆண்டின் கணக்கும் வெகுவாகத் தாமதம், ஆடிட்டையே தொடங்க முடியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். முதலீட்டாளர்கள் சார்பில் போர்டில் இருந்த மூன்று பேரும் அதே சமயம் வெளியேறினார்கள். 2024 தொடக்கத்தில் சம்பளம் தாமதமானது, ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது.

அதாவது அந்த அக்டோபர் அறிவிப்புக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே தேதி பேசிவிட்டது. இன்னொன்றும் கவனியுங்கள். அறிவித்த அந்த 80 கோடி டாலரில் ஒரு பகுதி கைக்கு வரவே இல்லை என்று 2022 ஜூலையில் செய்தி வந்தது. முதலீடு திரட்டிய செய்தி வேறு, பணம் வங்கிக்கு வருவது வேறு.

இனி உங்கள் ஆஃபர் லெட்டரை எடுங்கள். அதன் தலைப்பிலோ அடியிலோ கம்பெனியின் சட்டப்பூர்வமான பெயரும், CIN என்று 21 எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளமான குறியீடும் இருக்கும். U என்று தொடங்கினால் பங்குச்சந்தையில் இல்லாத கம்பெனி, L என்றால் பங்குச்சந்தையில் உள்ளது. நடுவில் மாநிலமும் பதிவான ஆண்டும் இருக்கும். பிராண்டின் பெயரை வைத்துத் தேடாதீர்கள். பைஜூஸ் என்று ஊருக்கே தெரிந்த கம்பெனி பதிவேட்டில் திங்க் அண்ட் லேர்ன் பிரைவேட் லிமிடெட். சில ஸ்டார்ட்அப்களில் ஆப் ஒரு கம்பெனி பெயரில் இருக்கும், முதலீடு சிங்கப்பூரில் உள்ள தாய்க் கம்பெனிக்குப் போயிருக்கும், உங்களுக்கு ஆர்டர் கொடுப்பது மூன்றாவதாக ஒன்று. சம்பள பாக்கி என்று வந்தால் நீங்கள் கேட்க முடிவது அந்த மூன்றாவதிடம்தான்.

அந்தக் குறியீட்டை, நான் சொன்ன அரசுப் பதிவேடு உள்ள mca.gov.in தளத்தில் போட்டால் கம்பெனியின் மாஸ்டர் டேட்டா வரும். அதில் Date of Balance Sheet என்ற வரியைப் பாருங்கள். மார்ச்சில் முடிந்த ஆண்டுக்குப் பொதுக்குழுவை செப்டம்பர் 30க்குள் கூட்ட வேண்டும், கணக்கை அதிலிருந்து 30 நாளில், AOC-4 என்ற படிவத்தில், தாக்கல் செய்ய வேண்டும். அரசு சில ஆண்டுகளில் அவகாசத்தை நீட்டுகிறது, பதிவேடு புதுப்பிக்கச் சில வாரம் ஆகிறது. அதனால் ஒன்றிரண்டு மாதத் தாமதத்துக்குப் பயப்பட வேண்டாம். டிசம்பர் தாண்டியும் முந்தைய ஆண்டின் தேதியே நின்றால் காரணம் கேட்க வேண்டும். ஒரு முழு ஆண்டு பின்தங்கியிருந்தால், என்னைக் கேட்டால், காரணம்கூடக் கேட்க வேண்டாம்.

100 ரூபாய் கட்டினால் தாக்கல் செய்த ஆவணங்களையே திறக்கலாம். பட்டியலில் ADT-3 என்று இருந்தால் ஆடிட்டர் பதவிக்காலம் முடியும் முன்பே விலகியிருக்கிறார் என்று பொருள். காரணத்தை அவரே அதில் எழுதியிருப்பார். ஆடிட்டர் அறிக்கையின் பின்னிணைப்பையும் படியுங்கள். பி.எஃப்., டி.டி.எஸ். போன்றவற்றில் ஆறு மாதத்துக்கு மேல் கட்டாத பாக்கி உண்டா என்று அங்கே அவர் எழுதியாக வேண்டும். அடுத்த ஓராண்டில் வரும் கடன்களைக் கம்பெனியால் அடைக்க முடியுமா என்றும் சொல்ல வேண்டும். மிகச் சிறிய பிரைவேட் கம்பெனிகளுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு.

பிறகுதான் தொகை. இரண்டே இரண்டு போதும். ரொக்கம், வங்கி வைப்பு, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் சேர்ந்து 42 கோடி என்று வைத்துக்கொள்வோம். தொழில் நடத்தியதில் அந்த ஆண்டு கையை விட்டுப் போன பணம் 60 கோடி. மாதம் 5 கோடி, ஆக எட்டு மாதம் சொச்சம் தாங்கும். ஆனால் அந்த 42 கோடி மார்ச் 31 அன்று இருந்தது. நீங்கள் பார்ப்பது ஜனவரியில் என்றால் அந்தப் பணம் தீர்ந்திருக்க வேண்டும். அப்படியானால் நடுவில் புதுப் பணம் வந்திருக்க வேண்டும், அல்லது செலவைக் குறைத்திருக்க வேண்டும். புதுப் பணம் பங்காக வந்திருந்தால் PAS-3 படிவம் இருக்கும், எத்தனை பங்கு என்ன விலைக்கு என்று அதில் தெரியும். செய்தியில் முதலீடு இருந்து பதிவேட்டில் இது இல்லையென்றால், பணம் வேறு கம்பெனிக்குப் போயிருக்கலாம், வராமலே இருந்திருக்கலாம்.

இதெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை வரும் ஆவணம். மாதாமாதம் பார்க்க ஒரே இடம்தான், அது பி.எஃப். அலுவலகத்தின் தளம். Establishment Search என்ற பக்கத்தில் கம்பெனியின் பெயரைத் தட்டி, View Payment Details என்பதைத் திறந்தால் ஒரு அட்டவணை வரும். எந்த மாதச் சம்பளத்துக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு, எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்று வரிவரியாக இருக்கும். லாகின் வேண்டாம், காசு வேண்டாம். கட்ட வேண்டிய கெடு அடுத்த மாதம் 15ஆம் தேதி.

அதை இப்படிப் படியுங்கள். உதாரணத்துக்கு, ஜனவரிச் சம்பளத்துக்கு பிப்ரவரி 13 அன்று 640 பேருக்குக் கட்டியிருக்கிறார்கள். மார்ச்சுக்கு ஏப்ரல் 15 அன்று 598 பேர். மே மாதத்துக்கானது ஜூலை 9 அன்றுதான், 455 பேர். ஜூன் இன்னும் காணோம். செய்தியில் ஒரு வரி வராமல் கிட்டத்தட்ட 200 பேர் போயிருக்கிறார்கள். கூப்பிட்டு ராஜினாமா எழுதி வாங்கினால் அது லே-ஆஃப் கணக்கில் வருவதில்லை, உங்களுக்கு அந்தச் செய்தி கிடைக்காததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் ஆள் குறைவதைவிட எனக்கு அந்த ஜூலை 9தான் உறுத்துகிறது. ஊழியரின் சம்பளத்தில் பிடித்த பணமும் அதில் இருக்கிறது. அதையே நேரத்துக்குக் கட்ட முடியவில்லை என்றால் அடுத்து சம்பளத் தேதி நகரும்.

ஒரு எச்சரிக்கை. பெரிய கம்பெனிகளுக்குப் பல பி.எஃப். குறியீடுகள் இருக்கும், ஒரு கிளையை மூடி இன்னொன்றில் சேர்த்தாலும் எண்ணிக்கை சரியும். ஏஜென்சி வழியாக வரும் கான்ட்ராக்ட் ஆட்கள் இதில் வரமாட்டார்கள். விடுபட்டவர்களுக்காக ஒரே மாதத்துக்கு இரண்டாவது வரியும் வரலாம். அதனால் ஒரு வரியை வைத்து முடிவெடுக்காமல் ஒரு வருடத்து வரிகளைப் பாருங்கள்.

ஹெச்.ஆரிடம் "கம்பெனி ஸ்டேபிளா" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் வரும். உங்களை எடுக்கும் மேனேஜரிடம், கடைசியாகப் பணம் எப்போது வங்கிக்கு வந்தது, இப்போதைய செலவில் எத்தனை மாதம் தாங்கும் என்று கேளுங்கள். 18 மாதம் என்று எண்ணாகச் சொல்பவர்கள் உண்டு. "அதெல்லாம் மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றால், பேப்பர் போடும் முன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிப்பேன்.

உங்கள் 90 நாளும் இதில் உதவும். பேப்பர் போட்ட பிறகும் மாதம் 20ஆம் தேதி வாக்கில் அந்த பி.எஃப். அட்டவணையைத் திறந்து பாருங்கள், மூன்று புது வரிகள் வந்திருக்க வேண்டும். ஒன்று வராமல் போனாலும் உடனே உங்கள் இப்போதைய மேனேஜரிடம் பேசுங்கள். உங்கள் இடத்துக்கு ஆள் எடுக்கும் வரை ராஜினாமாவைத் திரும்பப் பெற அநேகமாக ஒத்துக்கொள்வார்கள், கடைசி வாரத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.