வயிறு, புட்டம் சுற்றளவு: டேப்பை எங்க வைக்கணும்?

"பேண்ட் போடுற இடத்துல அளந்தா 86 செ.மீ, தொப்புள் கிட்ட 92. புட்டம் 98. எதை வச்சு வயிறு-புட்டம் ரேஷியோ போடுறது? நான் ஆண், வயசு 38."

பேண்ட் லைனை விட்டுடுங்க நண்பா, அது வயித்துக்குக் கீழ இறங்கிடும். தொப்புளும் ஆளுக்கு ஆள் மாறும். பக்கவாட்டுல விரலால அழுத்திப் பாருங்க, கடைசி விலா எலும்போட கீழ் விளிம்பு தட்டுப்படும், அதுக்குக் கீழ இடுப்பெலும்போட மேல் விளிம்பு, ரெண்டுக்கும் நடுவுல பேனாவால ஒரு கோடு போட்டு அதுமேல டேப்பைச் சுத்துங்க. கால் ரெண்டையும் சேர்த்து நின்னு, வயித்தை எக்காம, சாதாரணமா மூச்சை விட்டு முடிக்கிறப்போ ரீடிங் எடுங்க. டேப் தோலை அமுக்கக்கூடாது, முதுகுப்பக்கம் கீழ இறங்கிடும், அதனால கண்ணாடில பாத்துக்கோங்க. புட்டத்துக்கு எங்க அதிகமா புடைச்சிருக்கோ அங்க. ரெண்டு தடவை அளந்து 1 செ.மீக்கு மேல வித்தியாசம் வந்தா திரும்ப அளக்கணும்.

உங்க கணக்கையே பாருங்க, 86/98 போட்டா 0.88, 92/98 போட்டா 0.94. உலக சுகாதார நிறுவனம் ஆண்களுக்கு 0.90, பெண்களுக்கு 0.85னு எல்லை வச்சிருக்கு, அதைத் தொட்டாலே சுகர், இதய நோய் ரிஸ்க் கூடுதுன்னு அர்த்தம். டேப் கொஞ்சம் இறங்கினதுக்கே ரிசல்ட் தலைகீழாயிடுச்சு பாருங்க.

இன்னொன்னு, எடை குறையும்போது ரேஷியோவை மட்டும் நம்பாதீங்க. வயிறு 92லருந்து 86, புட்டம் 98லருந்து 92 ஆனாலும் ரேஷியோ 0.93தான் காட்டும், ஆனா வயித்துல 6 செ.மீ போயிருக்கு. அதனால வயித்து அளவைத் தனியாவும் எழுதி வைங்க.